பி மதிப்பும் நம்பிக்கை இடைவெளியும்: முடிவுகள் இயலை எழுதப் போகும் செவிலிய மாணவருக்கு

தரவுகளைத் திரட்டி, கணினியில் ஏற்றி, சோதனையும் செய்து முடித்த பிறகு, முடிவுகள் இயலின் முதல் வாக்கியத்தில்தான் பல செவிலிய மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். முன்னர் படித்தவர்களின் ஆய்வேடுகளில் "p < 0.05 ஆக இருப்பதால் இப்பயிற்சி பயனுள்ளது என நிரூபிக்கப்பட்டது" என்ற வாக்கியம் இருக்கும்; எண்ணை மட்டும் மாற்றி அதையே எழுதிவிடத் தோன்றும். அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. பி மதிப்பு எதையும் நிரூபிப்பதில்லை; பயன் எவ்வளவு என்பதையும் அது சொல்வதில்லை. பயனின் அளவைச் சொல்வது நம்பிக்கை இடைவெளி. ஆகவே இடைவெளியை முதலிலும் பி மதிப்பை அதற்குப் பின்னும் எழுதப் பழக வேண்டும் என்பதே என் கருத்து. அதை ஒரே ஓர் ஆய்வை முன்வைத்து, அட்டவணையைப் படிப்பதிலிருந்து பத்தியாக எழுதுவது வரை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டு ஆய்வு

விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் 60 நோயாளிகள் குலுக்கல் முறையில் முப்பது முப்பது பேராகப் பிரிக்கப்படுகிறார்கள். ஆய்வுக் குழுவினருக்கு அறுவைக்கு முந்தைய நாள் ஆழ்ந்து மூச்சுவிடும் பயிற்சியும், இருமும்போது தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடிக்கும் முறையும் கற்றுக்கொடுக்கப்படுகின்றன. ஒப்பீட்டுக் குழுவினர் வழக்கமான பராமரிப்பை மட்டும் பெறுகிறார்கள். அறுவைக்கு மறுநாள் காலை, இருமும்போது வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரையுள்ள அளவுகோலில் ஒவ்வொருவரிடமும் கேட்கப்படுகிறது.

ஆய்வுக் குழுவின் சராசரி வலி 4.2, திட்ட விலக்கம் 1.6. ஒப்பீட்டுக் குழுவின் சராசரி 5.1, திட்ட விலக்கம் 1.8. இரண்டு சராசரிகளுக்கும் இடையிலான வேறுபாடு 0.9 புள்ளி. முடிவுகள் இயலில் எழுதப்போகும் எல்லாமே இந்த 0.9 பற்றியவைதான். பி மதிப்பும் நம்பிக்கை இடைவெளியும் அதே 0.9-ஐக் குறித்துக் கேட்கப்படும் இருவேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பி மதிப்பு கேட்கும் கேள்வி

பயிற்சியால் எந்த மாற்றமும் ஏற்படுவதில்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இதைத்தான் இன்மைக் கருதுகோள் என்கிறோம். அப்படியானால் ஒரு நோயாளி சொன்ன வலி எண், அவர் எந்தக் குழுவில் இருந்திருந்தாலும் அதே எண்ணாகத்தான் இருந்திருக்கும். குழுவின் பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு. அந்த நிலையிலும், முப்பது பேர் இந்தப் பக்கமும் முப்பது பேர் அந்தப் பக்கமும் விழுந்த தற்செயலால் இரண்டு சராசரிகளும் சற்று வேறுபடத்தான் செய்யும். 0.9 அளவுக்கு வேறுபடுவது எத்தனை அரிது என்பதே பி மதிப்பு கேட்கும் கேள்வி.

இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். அறுபது தாள் துண்டுகளில் அறுபது வலி எண்களையும் எழுதி, ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி, முதலில் எடுக்கும் முப்பதை ஒரு குவியலாகவும் மீதியை மற்றொரு குவியலாகவும் வைத்து, இரண்டு குவியல்களின் சராசரிகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாத் துண்டுகளையும் மீண்டும் போட்டுக் குலுக்குங்கள். பெரும்பாலான முறை 0.2, 0.4 போன்ற சிறிய வேறுபாடுகளே வரும். எப்போதாவது ஒரு முறை 0.9 அல்லது அதைவிடப் பெரியது வரும். ஆயிரம் முறை குலுக்கினால், எந்தக் குவியல் கூடுதல் என்று பாராமல் எண்ணும்போது, சுமார் 45 முறை அப்படி வரும். ஆயிரத்துக்கு 45 என்பதுதான் 0.045. நம் ஆய்வுக்குக் கணினி தரும் பி மதிப்பும் அதுவே. மாணவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது பத்துமுறையாவது தாள் துண்டுகளைக் குலுக்க வைப்பேன். வரையறையைப் பலமுறை வாசித்தும் பிடிபடாதவர்களுக்கு இதில் பிடிபட்டுவிடுகிறது.

இதை எளிய தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: பயிற்சியால் உண்மையில் எந்த வேறுபாடும் ஏற்படாது என்றால், இந்த அளவுக்கோ இதைவிடக் கூடுதலாகவோ வேறுபாடு தென்படும் வாய்ப்பு 4.5 விழுக்காடு. இந்த வாக்கியத்தின் முதல் பாதியான "என்றால்" என்ற நிபந்தனையை விட்டுவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. அதை விட்டுவிட்டால், "பயிற்சி பயனற்றதாக இருக்கும் வாய்ப்பு 4.5 விழுக்காடு" என்று எழுதும் நிலை வந்துவிடும். அது முற்றிலும் வேறு கூற்று.

வேறுபாட்டை உணர, வார்டில் தினமும் பார்க்கும் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். நிமோனியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் இருக்கும். அதனால், காய்ச்சலோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு நிமோனியா இருக்கும் என்று எந்தச் செவிலியரும் முடிவுகட்ட மாட்டார். முன்னது நோய் இருந்தால் அறிகுறி தோன்றும் வாய்ப்பு. பின்னது அறிகுறி தோன்றினால் நோய் இருக்கும் வாய்ப்பு. பி மதிப்பு முன்னதைப் போன்றது. கருதுகோள் உண்மையானால் இத்தகைய தரவு கிடைக்கும் வாய்ப்பை அது சொல்கிறதே தவிர, தரவு கிடைத்த பின் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பைச் சொல்வதில்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இந்த எச்சரிக்கை வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது.

0.05 என்ற எல்லை இயற்கையில் அமைந்த ஒன்றன்று. ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய ஒரு வசதிக் கோடு அது. 0.049-க்கும் 0.051-க்கும் இடையே நோயாளியின் வலியில் எந்தப் புதுமையும் நிகழ்ந்துவிடுவதில்லை.

நம்பிக்கை இடைவெளி கேட்கும் கேள்வி

0.9 என்பது இந்த 60 பேரிடம் கண்டது. நமக்கு வேண்டியதோ, இத்தகைய நோயாளிகள் எல்லோருக்கும் பொருந்தக்கூடிய உண்மையான வேறுபாடு. அது சரியாக 0.9 ஆக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்த மதிப்பு முதல் எந்த மதிப்பு வரை இந்தத் தரவோடு முரண்படாமல் இருக்கும் என்று கேட்டால், அதற்கான விடைதான் நம்பிக்கை இடைவெளி.

கணக்கு கடினமானது அன்று. ஒவ்வொரு குழுவின் திட்ட விலக்கத்தையும் வர்க்கப்படுத்தி, 30-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வேறுபாட்டின் திட்டப் பிழை கிடைக்கும். 1.6-இன் வர்க்கம் 2.56, 1.8-இன் வர்க்கம் 3.24, கூட்டினால் 5.80, 30-ஆல் வகுத்தால் 0.193, அதன் வர்க்கமூலம் 0.44. இதை ஏறத்தாழ 2-ஆல் பெருக்கினால் 0.88. வேறுபாடான 0.9-லிருந்து 0.88-ஐக் கழித்தால் 0.02, கூட்டினால் 1.78. ஆக 95% நம்பிக்கை இடைவெளி 0.02 முதல் 1.78 வரை. ஆர் மென்பொருள் வைத்திருப்பவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்:

```r
v  <- 5.1 - 4.2
se <- sqrt(1.6^2/30 + 1.8^2/30)
v + c(-1, 1) * qt(0.975, 58) * se
2 * pt(-v/se, 58)
```

மூன்றாவது வரி இடைவெளியின் இரு முனைகளையும், நான்காவது வரி பி மதிப்பையும் தரும்.

இப்போது இந்த இடைவெளியை நிதானமாகப் பாருங்கள். கீழ்முனை 0.02 புள்ளி, பத்துப் புள்ளி அளவுகோலில் இதை எந்த நோயாளியும் உணர முடியாது. மேல்முனை 1.78 புள்ளி, இது பலருக்கும் நன்றாகத் தெரியும் நிவாரணம். அதாவது, பயிற்சியால் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது என்பதும், நல்ல பலன் கிடைக்கும் என்பதும் இந்தத் தரவோடு ஒத்துப்போகின்றன. பி மதிப்பு 0.045 என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தச் செய்தி வாசகருக்குக் கிடைத்தே இருக்காது. என்னைக் கேட்டால், ஒரு செவிலிய ஆய்வேட்டில் மிகவும் பயனுள்ள எண் இதுதான். இதை அட்டவணையிலேயே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

95% என்பதன் பொருளிலும் கவனம் தேவை. இதே ஆய்வை இதே முறையில் நூறு முறை புதிய நோயாளிகளிடம் செய்து, ஒவ்வொரு முறையும் ஓர் இடைவெளி கணக்கிட்டால், ஏறத்தாழ 95 இடைவெளிகள் உண்மையான வேறுபாட்டைத் தமக்குள் கொண்டிருக்கும். இது முறையின் நம்பகத்தன்மை பற்றிய கூற்று. நம் கையில் உள்ள ஓர் இடைவெளி, கொண்டிருக்கும் 95-இல் ஒன்றா தவறவிட்ட 5-இல் ஒன்றா என்பது நமக்குத் தெரியாது. 95 விழுக்காடு நோயாளிகளுக்கு வலி 0.02 முதல் 1.78 வரை குறைந்தது என்று எழுதுவது பெரும்பிழை. இடைவெளி சராசரிகளின் வேறுபாட்டைப் பற்றியது. தனித்தனி நோயாளிகளைப் பற்றியது அன்று. நோயாளிகளுக்கிடையே உள்ள பரவலைச் சொல்வது திட்ட விலக்கம்தான்.

அட்டவணையில் சரியான எண்ணை எடுத்தல்

எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் இந்தச் சோதனையைச் செய்தால் `Independent Samples Test` என்ற அகலமான அட்டவணை வரும். அதில் தவறான எண்ணை எடுத்துவிடுவது மிக எளிது. ஒரு மாணவி தன் முடிவு "குறிப்பிடத்தக்கதாக இல்லை" என்று சோர்ந்துபோய் என்னிடம் வந்தார். அட்டவணையைக் காட்டச் சொன்னேன். அவர் விரல் வைத்தது இடப்பக்கம் முதலில் வரும் `Sig.` என்ற கட்டத்தில், அதில் 0.52 என்று இருந்தது. அது `Levene's Test for Equality of Variances` என்ற தலைப்பின் கீழ் வருவது. இரு குழுக்களின் பரவல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று மட்டுமே அது சோதிக்கிறது. வலியின் சராசரி வேறுபாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவருடைய உண்மையான பி மதிப்பு மூன்று கட்டங்கள் தள்ளி இருந்தது.

ஆகவே இடமிருந்து வலமாக இப்படிப் படியுங்கள். முதலில் லெவீன் சோதனையின் `Sig.` கட்டத்தைப் பாருங்கள். அது 0.05-க்கு மேல் இருந்தால் `Equal variances assumed` என்ற மேல் வரிசையையும், கீழே இருந்தால் `Equal variances not assumed` என்ற கீழ் வரிசையையும் பின்தொடர்வது வழக்கம். எப்போதுமே கீழ் வரிசையை எடுப்பதே பாதுகாப்பானது என்று சொல்லும் புள்ளியியலாளர்களும் உண்டு. நம் எடுத்துக்காட்டில் இரண்டு வரிசைகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. பிறகு அதே வரிசையில் `t`, `df`, `Sig. (2-tailed)` ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்புகளில் பி மதிப்பு `One-Sided p`, `Two-Sided p` என்று இரண்டு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது `Two-Sided p`. ஒருபக்க மதிப்பு பாதியாகத் தெரிவதால் அதை எடுக்க ஆசை வரலாம். ஆய்வுத் திட்டத்திலேயே ஒருபக்கச் சோதனை என்று காரணத்தோடு எழுதி ஒப்புதல் பெற்றிருந்தாலன்றி அதைத் தொடக்கூடாது.

வலக்கோடியில் `95% Confidence Interval of the Difference` என்ற தலைப்பின் கீழ் `Lower`, `Upper` என்ற இரண்டு எண்கள் இருக்கும். நம் எடுத்துக்காட்டில் அவை −1.78, −0.02 என்று தோன்றக்கூடும். மென்பொருள் முதல் குழுவிலிருந்து இரண்டாம் குழுவைக் கழிக்கிறது. ஆய்வுக் குழுவுக்கு 1 என்று குறியீடு கொடுத்திருந்தால் 4.2 − 5.1 = −0.9 என்றே வரும். இதில் தவறேதும் இல்லை. வலி எவ்வளவு குறைந்தது என்று எழுத விரும்பினால் மூன்று எண்களின் குறியையும் சேர்த்து மாற்றி, முனைகளையும் இடம் மாற்றி, 0.02 முதல் 1.78 வரை என்று எழுதலாம். வேறுபாட்டின் குறியை மட்டும் மாற்றி இடைவெளியை அப்படியே விட்டுவிட்டால், 0.9 என்ற எண் தன் இடைவெளிக்கு வெளியே போய்விடும். இப்படி நேர்ந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி, வேறுபாடு இடைவெளியின் நட்டநடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். 0.02-ஐயும் 1.78-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.90 வருகிறது, சரி.

பி மதிப்புக் கட்டத்தில் `.000` என்று இருந்தால் அப்படியே படியெடுக்காதீர்கள். பி மதிப்பு ஒருபோதும் சுழியம் ஆகாது. மூன்று தசம இடங்களுக்குள் அடங்கவில்லை என்பதே அதன் பொருள். p < 0.001 என்று எழுதுங்கள். மற்ற நேரங்களில் p < 0.05 என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் p = 0.045 என்று உள்ளபடியே எழுதுங்கள்.

இரண்டாவது விளைவும் "குறிப்பிடத்தக்கதாக இல்லை" என்ற சொல்லும்

இதே ஆய்வில், அறுவை முடிந்ததிலிருந்து நோயாளி முதன்முதலாக எழுந்து நடக்கும் வரை ஆன நேரமும் அளக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக் குழுவில் சராசரி 22 மணி நேரம், திட்ட விலக்கம் 6. ஒப்பீட்டுக் குழுவில் 25 மணி நேரம், திட்ட விலக்கம் 7.5. வேறுபாடு 3 மணி நேரம். பி மதிப்பு 0.092, 95% நம்பிக்கை இடைவெளி −0.5 முதல் 6.5 மணி நேரம் வரை.

பழைய பாணியில் எழுதுபவர், வலியில் பயிற்சி வென்றது, நடப்பதில் தோற்றது என்று எழுதுவார். "பயிற்சியால் நடக்கும் நேரத்தில் எந்த வேறுபாடும் இல்லை" என்று ஒரு வாக்கியமும் சேர்த்துவிடுவார். இடைவெளியைப் பாருங்கள். அரை மணி நேரம் தாமதமாக எழுவதிலிருந்து ஆறரை மணி நேரம் முன்னதாக எழுவது வரை எல்லாமே தரவோடு ஒத்துப்போகின்றன. ஆறரை மணி நேரம் முன்னதாக நடக்கத் தொடங்குவது வார்டில் சிறிய செய்தி அன்று. ஆகவே "வேறுபாடு இல்லை" என்று சொல்ல இந்தத் தரவு இடம்கொடுக்கவில்லை. "வேறுபாடு உண்டா என்று தீர்மானிக்க இந்த அளவு மாதிரி போதவில்லை" என்பதையே சொல்ல இடம்கொடுக்கிறது. இடைவெளி −0.3 முதல் 0.4 மணி நேரம் வரை என்று குறுகி இருந்திருந்தால், பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று தைரியமாக எழுதலாம். இரண்டிலும் பி மதிப்பு 0.05-க்கு மேல்தான் இருக்கும். இரண்டையும் பிரித்துக்காட்டுவது இடைவெளியின் அகலம் ஒன்றே.

இடைவெளிக்கும் பி மதிப்புக்கும் உள்ள உறவும் இங்கே தெளிவாகிறது. ஒரே சோதனையிலிருந்து வந்தவை என்றால், 95% இடைவெளி சுழியத்தைத் தொடாமல் இருக்கும்போது பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருக்கும். சுழியத்தை உள்ளடக்கினால் மேலே இருக்கும். உங்கள் அட்டவணையில் இவை முரண்பட்டால் எங்கோ வரிசை மாறிப் படியெடுத்திருக்கிறீர்கள். முரண் வாய்ப்பு விகிதம் போன்ற விகித அளவுகளுக்கு மட்டும் சுழியத்துக்குப் பதில் 1-ஐப் பார்க்க வேண்டும்.

மாதிரியின் அளவு என்ன செய்கிறது என்பதற்கு முதல் விளைவுக்கே திரும்புவோம். அதே சராசரிகள், அதே திட்ட விலக்கங்கள், ஆனால் குழுவுக்கு 30-க்குப் பதில் 120 பேர் என்றால் இடைவெளி 0.47 முதல் 1.33 வரை எனப் பாதியாகச் சுருங்கும். பி மதிப்பு 0.001-க்கும் கீழே போய்விடும். வலி ஒரு துளிகூடக் கூடுதலாகக் குறையவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் நான்கு மடங்காயிற்று. பி மதிப்பு சிறியதாக இருப்பதைக் கொண்டு பயன் பெரியது என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

செவிலிய ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் மூன்று தவறுகள்

முதலாவது, ஒவ்வொரு குழுவின் இடைவெளியையும் தனித்தனியாகப் போட்டு, அவை ஒன்றின் மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்த்து முடிவு சொல்வது. நம் ஆய்வில் ஆய்வுக் குழுவின் சராசரிக்கான இடைவெளி 3.60 முதல் 4.80 வரை; ஒப்பீட்டுக் குழுவுக்கு 4.43 முதல் 5.77 வரை. இரண்டும் படிகின்றன. ஆயினும் வேறுபாட்டின் இடைவெளி சுழியத்தைத் தொடவில்லை, பி மதிப்பும் 0.045 தான். தனித்தனி இடைவெளிகள் படிவதால் வேறுபாடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேறுபாட்டுக்கே உரிய இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் பரவலானது, விளைவிலும் பெரியது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளக்கும் ஆய்வுகளில், ஆய்வுக் குழுவுக்குள் முன்பின் ஒப்பீட்டில் p < 0.001, ஒப்பீட்டுக் குழுவுக்குள் p = 0.08 என்று வந்ததும், பயிற்சி பயனுள்ளது என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே இரண்டு குழுக்களும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படவே இல்லை. அறுவைக்குப் பிந்தைய வலி எப்படியும் நாளடைவில் குறையும். ஒரு குழுவில் அந்தக் குறைவு 0.05 கோட்டைத் தாண்டியதும் மற்றதில் தாண்டாததும் குழுக்களுக்கிடையே வேறுபாடு உண்டு என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பின் மாற்றத்தைக் கணக்கிட்டு அந்த மாற்றங்களை இரு குழுக்களுக்கிடையே ஒப்பிடுங்கள். அல்லது முந்தைய அளவைக் கட்டுப்படுத்தும் இணைமாறுபாட்டுப் பகுப்பாய்வைச் செய்துதரும்படி புள்ளியியலாளரைக் கேளுங்கள். எழுத வேண்டிய இடைவெளி அந்த ஒப்பீட்டிலிருந்து வருவதுதான்.

மூன்றாவது, ஆய்வேட்டின் கடைசி அட்டவணையில் வயது, பாலினம், கல்வி, தொழில் என்று பத்து மாறிகளை வலியோடு தொடர்புபடுத்திப் பத்து கை-வர்க்கச் சோதனைகள் செய்வது. உண்மையில் எதற்குமே தொடர்பில்லை, சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றாலும், பத்தில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. அப்படி வந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு விவாத இயலில் இரண்டு பக்கம் எழுதுவது மணலில் கட்டும் வீடு. எத்தனை சோதனைகள் செய்தீர்கள் என்று அட்டவணையின் மேலேயே எழுதி, பத்தின் முடிவுகளையும் காட்டி, தனித்துத் தெரிவதை இனிமேல் சோதிக்க வேண்டிய ஓர் ஐயமாக மட்டும் குறிப்பிடுங்கள்.

பத்தியாக எழுதுதல்

எழுதத் தொடங்குமுன் இன்னும் ஓர் எண் தேவை: நோயாளிக்குப் பொருள்படும் மிகச்சிறிய வேறுபாடு எது என்பது. அதை முடிவைப் பார்த்த பிறகு தீர்மானிக்கக்கூடாது; முந்தைய ஆய்வுகளைப் படித்து, ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். நம் ஆய்வில் அது 1 புள்ளி என்று திட்டத்தில் குறித்திருந்ததாகக் கொள்வோம். நம் இடைவெளி அந்த 1-ஐத் தாண்டியும் செல்கிறது, அதற்கு மிகக் கீழேயும் இறங்குகிறது. ஆகவே பயன் நோயாளிக்குப் பொருள்படும் அளவை எட்டியதா என்பது திறந்தே இருக்கிறது. இதை மறைக்காமல் எழுதுவது ஆய்வேட்டைப் பலவீனப்படுத்திவிடும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் கேள்விக்கு விடை ஆய்வேட்டிலேயே இருப்பது பலவீனமாகாது.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் இரு குழுக்களின் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம், அடுத்து வேறுபாடும் அதன் அலகும், அதை ஒட்டி இடைவெளி, கடைசியில் சோதனையின் பெயரும் பி மதிப்பும். "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லை அறவே விட்டுவிடுங்கள். காரணங்களையும் பரிந்துரைகளையும் விவாத இயலுக்கு ஒதுக்கி வையுங்கள். இந்த ஆய்வின் இரண்டு விளைவுகளையும் நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> அறுவைக்கு மறுநாள் காலை இருமும்போது உணரப்பட்ட வலியின் சராசரி, ஆய்வுக் குழுவில் (30 பேர்) 4.2 ஆகவும் (திட்ட விலக்கம் 1.6), ஒப்பீட்டுக் குழுவில் (30 பேர்) 5.1 ஆகவும் (திட்ட விலக்கம் 1.8) இருந்தது. ஆய்வுக் குழுவில் வலி சராசரியாக 0.9 புள்ளி குறைவாக இருந்தது (95% நம்பிக்கை இடைவெளி 0.02 முதல் 1.78 வரை; சார்பற்ற இரு குழு டி சோதனை, t = 2.05, df = 58, p = 0.045). இந்த இடைவெளி, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட 1 புள்ளி என்ற அளவுக்கு மேலும் கீழும் விரிந்திருக்கிறது. முதன்முதலாக எழுந்து நடக்க ஆன நேரம் ஆய்வுக் குழுவில் சராசரியாக 22.0 மணி நேரமாகவும் (திட்ட விலக்கம் 6.0), ஒப்பீட்டுக் குழுவில் 25.0 மணி நேரமாகவும் (திட்ட விலக்கம் 7.5) இருந்தது. வேறுபாடு 3.0 மணி நேரம் (95% நம்பிக்கை இடைவெளி −0.5 முதல் 6.5 வரை; t = 1.71, df = 58, p = 0.092). இந்த இடைவெளி சுழியத்தையும், பல மணி நேரம் முன்னதாக நடக்கத் தொடங்குவதையும் உள்ளடக்கியிருப்பதால், நடக்கத் தொடங்கும் நேரத்தில் பயிற்சியின் விளைவு இந்த ஆய்வில் தீர்மானமாகவில்லை.